எம்.ஆர்.ஐ. படிவம்: ‘இருக்கிறதா’ என்று கேட்பதும் ‘வைத்தார்களா’ என்று கேட்பதும்

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவரிடம் முதலில் ஒரு தாளையும் பேனாவையும் கொடுப்பார்கள். பெயர், வயது, எடை என்று தொடங்கும் அந்தத் தாளில் எங்கோ நடுவில் ஒரு கேள்வி இருக்கும்: “தங்கள் உடலில் உலோகப் பொருட்கள் ஏதேனும் உள்ளனவா?” பெரும்பாலானவர்கள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அப்படி டிக் போட்ட ஒருவருக்கு மூன்று வருடம் முன்பு தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கலாம். “கம்பி வச்சிருக்காங்களா?” என்று கேட்டிருந்தால் உடனே ஆமாம் என்று சொல்லியிருப்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் மனத்தில் அது கம்பி. உலோகம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சொல்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு தாளைப் பற்றியது, குறிப்பாக அதில் உள்ள கேள்விகளின் சொற்களைப் பற்றியது. ஸ்கேன் அறையின் கதவைத் தாண்டிய பிறகு எதையும் திருத்த நேரம் இருக்காது. அதனால் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கப்படும் கேள்வி எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் நோயாளியின் பாதுகாப்பில் பெரும்பங்கு இருக்கிறது.

கேள்வி ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஸ்கேன் மையங்களில் பரவலாக இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். சில இடங்களில் 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. இந்தக் காந்தத்துக்கு சுவிட்ச் போட்டு அணைக்கும் பழக்கம் கிடையாது. திரவ ஹீலியத்தின் குளிரில் இயங்கும் கம்பிச் சுருள் அது. இரவும் பகலும், ஸ்கேன் நடக்கும்போதும் நடக்காதபோதும், காந்தம் காந்தமாகவே இருக்கும். இதனால் வரும் ஆபத்து மூன்று வகை. இரும்புத் தன்மையுள்ள பொருளை அது இழுக்கும் அல்லது திருப்பும். ஸ்கேன் ஓடும்போது செல்லும் ரேடியோ அலைகள் கம்பி போன்ற நீளமான பொருளைச் சூடாக்கலாம். பேட்டரியில் ஓடும் கருவிகளின் வேலையைக் குழப்பலாம். படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத் தடுக்கத்தான் கேட்கப்படுகிறது. ஆனால் நோயாளிக்கு இந்தப் பிரிவினை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் உடம்புக்கு என்ன நடந்தது என்பதுதான்.

படிவம் எழுதுகிறவர்கள் தவறுகிற இடமும் அதுதான். அவர்கள் பொருளைக் கேட்கிறார்கள்; நோயாளியின் ஞாபகத்தில் இருப்பதோ நிகழ்ச்சி. “செயற்கை உள்வைப்பு உள்ளதா?” என்று கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. “எப்போதாவது எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?” என்றால், அந்த மழை நாள், பைக் சறுக்கியது, யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எல்லாமே வந்துவிடும். அதோடு சேர்ந்து கம்பியும் பிளேட்டும் தானாக வரும். அதனால் நல்ல படிவத்தில் நிகழ்ச்சி முதலில் வரவேண்டும், பொருள் பிறகு.

நிகழ்ச்சியைக் கேட்கும்போதும் சொல் முக்கியம். பல படிவங்களில் “அறுவை சிகிச்சை செய்துகொண்டதுண்டா?” என்று ஒரே வரி இருக்கும். பேச்சில் அது “ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கா?” என்று மாறும். இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் மக்களுக்கு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைத்து, தையல் போட்டது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்து கை வழியாகவோ தொடை வழியாகவோ குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், “ஆபரேஷன் எல்லாம் இல்லைங்க, ஆஞ்சியோ மட்டும் பண்ணினாங்க” என்பார். சிலர் “பலூன் வச்சாங்க” என்பார்கள், சிலர் “அடைப்பை எடுத்துட்டாங்க” என்பார்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குள் ‘காயில்’ என்ற மெல்லிய உலோகச் சுருள் வைத்ததும் இப்படித்தான், தொடை வழியாகப் போன வேலை. தலையில் தழும்பு இருக்காது. ‘ஆபரேஷன்’ என்று மட்டும் கேட்கும் படிவம் இவர்களை விட்டுவிடும்.

இதய ஸ்டென்ட்டைப் பொறுத்தவரை இப்போது புழக்கத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவற்றுக்கான நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யலாம். எனவே அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் விபரீதம் வராது. ஆனால் அதே ஓட்டை வழியாக மற்ற கருவிகளும் தப்பிப் போகும். படிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. ஆகவே அந்தக் கேள்வியை இப்படி விரித்து எழுதலாம்: “எப்போதாவது ஆபரேஷன் செய்திருக்கிறார்களா? ஆஞ்சியோ, பலூன், ஸ்டென்ட், கை அல்லது தொடை வழியாகக் குழாய் விட்டுச் செய்த சிகிச்சை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.” வரி நீளமாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். நோயாளி பயன்படுத்தும் சொல் அந்த வரியில் எங்காவது இருந்தால் கண் அங்கே நின்றுவிடும்.

இப்போது காலத்துக்கு வருவோம். ‘இருக்கிறதா’ என்பது நிகழ்காலம். “உங்களுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறதா?” என்று கேட்கிறோம். ஒருவருக்குப் பத்து வருடம் முன்பு பேஸ்மேக்கர் வைத்தார்கள். பிறகு தொற்று வந்தது, அல்லது தேவைப்படாமல் போனது, பெட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் ‘இல்லை’ என்று டிக் போடுகிறார். அது முழு உண்மை. ஆனால் பெட்டியை எடுக்கும்போது இதயத்துக்குள் போகும் கம்பிகளைச் சில நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் பல வருடத்தில் அவை இதயத்தோடும் ரத்தக்குழாயோடும் ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் கிழியும் அபாயம் உண்டு. ஒரு முனை இதயச் சுவரிலும் மறுமுனை எதிலும் இணையாமலும் கிடக்கும் இந்தக் கம்பி ரேடியோ அலைகளுக்கு ஆன்டெனா போல ஆகலாம். முனையில் சூடு ஏறும், அந்த முனை தொட்டுக்கொண்டிருப்பது இதயத் தசையை. இப்படிக் கைவிடப்பட்ட கம்பி இருந்தால் வழக்கமான வழியில் ஸ்கேன் எடுக்கக் கூடாது; இதய மருத்துவரும் ரேடியாலஜிஸ்டும் சேர்ந்து அந்த நோயாளிக்கென்று தனியாக முடிவெடுக்க வேண்டும்.

‘இருக்கிறதா’ என்று கேட்டதால் இவ்வளவும் கண்ணில் படாமல் போகிறது. “எப்போதாவது வைத்தார்களா? பிறகு எடுத்துவிட்டார்கள் என்றாலும் ஆம் என்று குறியுங்கள்” என்று கேட்டிருந்தால் வந்திருக்கும். பேஸ்மேக்கர் என்ற சொல்லைக்கூட எல்லோரும் சொல்லமாட்டார்கள். “நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கு”, “மெஷின் வச்சிருக்கு” என்பதுதான் வீட்டுப் பேச்சு. “நெஞ்சில் பேட்டரி அல்லது மெஷின் (பேஸ்மேக்கர்) எப்போதாவது வைத்தார்களா?” என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும், பாட்டியைக் கூட்டி வந்த பேரனுக்கும் புரியும்.

பேஸ்மேக்கர் என்றாலே ஸ்கேன் கிடையாது என்றொரு காலம் இருந்தது. இப்போது நிபந்தனைகளுடன் ஸ்கேன் செய்யக்கூடிய பேஸ்மேக்கர்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் அப்படி முதலாவது ஒன்றுக்கு 2011-இல் அனுமதி கிடைத்தது. எனவே ‘ஆம்’ என்று டிக் போடுவதால் வாசல் மூடிவிடாது. ஆனால் நோயாளி அப்படித்தான் நினைக்கிறார். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார், பணம் கட்டியாகிவிட்டது, மகன் ஒருநாள் லீவு போட்டிருக்கிறான். ‘ஆம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ‘இல்லை’ பக்கம் கை போகிறது. அதனால் படிவத்தின் மேலேயே, கேள்விகள் தொடங்கும் முன், இரண்டு வரி தேவை: “ஆம் என்று சொன்னாலே ஸ்கேன் ரத்தாகிவிடாது. அது என்ன பொருள் என்று பார்த்துவிட்டு, பாதுகாப்பாக எடுக்க வழி இருந்தால் எடுப்போம்.” இந்த இரண்டு வரி இல்லாத படிவம், எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும், அரைகுறைதான் என்பது என் கருத்து.

‘ஆம்’ என்ற பதில் கிடைத்த பிறகு என்ன கேட்பது என்பதும் படிவத்திலேயே இருக்க வேண்டும். இதற்கு ஒரு துயரமான பழைய சம்பவம் சாட்சி. அமெரிக்காவில் மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குக் கிளிப் போட்டிருந்த 74 வயதுப் பெண் ஒருவரை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுபோனார்கள். கிளிப் இருப்பது மருத்துவர்களுக்குத் தெரியும். கேட்டார்கள், விசாரித்தார்கள், ஸ்கேன் செய்யத் தக்க வகைக் கிளிப் என்று தகவல் வந்தது. அந்தத் தகவல் தவறு. உள்ளே இருந்தது காந்தம் இழுக்கும் வேறொரு வகை. காந்தத்தின் அருகே கொண்டு போனபோதே தலை வலிக்கிறது என்றார். கிளிப் அசைந்து ரத்தக்குழாய் கிழிந்திருந்தது, அவர் இறந்துபோனார். 1993-இல் ரேடியாலஜி மருத்துவ இதழில் இது வெளியானது. கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் வந்தது, இருந்தும் உயிர் போனது.

ஆகவே கிளிப் என்று வந்தால், “அது டைட்டானியம்தான்னு டாக்டர் சொன்னார்” என்ற வாய்வார்த்தையோடு நிற்கக் கூடாது. “அதற்கு ஒரு கார்டு கொடுத்தார்களா? டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறதா? எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம்?” என்று அடுத்த வரி கேட்க வேண்டும். கார்டில் இருக்கும் கம்பெனி பெயரையும் மாடல் எண்ணையும் வைத்துத்தான் அது எந்த நிபந்தனையில் பாதுகாப்பு என்று தயாரிப்பாளரின் ஆவணத்தில் பார்க்க முடியும். 2005-இலிருந்து இப்படிப்பட்ட பொருட்களுக்கு மூன்று குறிகள் வழக்கத்தில் உள்ளன: பாதுகாப்பானது, நிபந்தனையோடு பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது. நடுவில் இருக்கும் ‘நிபந்தனையோடு’ என்பதுதான் சிக்கலானது. 1.5 டெஸ்லாவில் சரி என்பது 3 டெஸ்லாவிலும் சரி என்று ஆகாது. நோயாளிக்கு இதெல்லாம் தெரியாவிட்டால் பரவாயில்லை. கார்டைக் கொண்டு வரச் சொல்லி முதல் நாளே போனில் சொன்னால் போதும்.

அடுத்து, படிவம் படிக்கப்படும் விதம். கூட்டமான மையத்தில் நோயாளியே எழுதி முடிக்கக் காத்திருக்க மாட்டார்கள். ஊழியர் வேகமாகக் கேட்டு அவரே டிக் போட்டுவிடுவார். அந்த வேகத்தில் கேள்வி இப்படி ஆகிவிடும்: “மெட்டல் ஒண்ணும் இல்லைல்ல?” தமிழில் இந்த ‘இல்லைல்ல’ பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. கேட்கிறவர் எதிர்பார்ப்பது ‘இல்லை’ என்பதை நோயாளி புரிந்துகொள்கிறார், மரியாதைக்காகவும் அதையே சொல்கிறார். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. “இல்லைல்ல?” என்று கேட்டால் “ஆமா” என்று ஒருவர் சொல்லும்போது, ஆமாம் இல்லை என்கிறாரா, ஆமாம் இருக்கிறது என்கிறாரா? கூடவே பக்கவாட்டில் தலையாட்டினால் கேட்கவே வேண்டாம். அதனால் ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டிய விதி எளிது: கேள்வி ‘இருக்கிறதா’, ‘நடந்ததா’, ‘வைத்தார்களா’ என்று நேர்முகமாக முடிய வேண்டும், பதில் வாயால் வர வேண்டும், தலையாட்டலை எழுதிக்கொள்ளக் கூடாது.

ஒரு வரியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. “பேஸ்மேக்கர், காது மெஷின், பல்செட்டு உள்ளதா?” என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டால், கடைசியாகக் கேட்ட பல்செட்டுக்குத்தான் பதில் வரும். மூன்றாவது கட்டமாக ‘தெரியாது’ என்பதும் இருக்க வேண்டும். இரண்டே கட்டம் இருந்தால் தெரியாதவர் ‘இல்லை’யில் டிக் போடுவார். மூன்றாவது கட்டம் இருந்தால் அது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியவரைக் காட்டிக்கொடுக்கும். சுயநினைவில்லாமல் வருகிறவர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் ‘தெரியாது’தான். அவர்களின் உடம்பில் தழும்பு பார்த்து, எக்ஸ்ரேயோ பழைய ஸ்கேனோ பார்த்து, அதன் பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும்.

இனி கண்ணைப் பற்றி. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, நம் ஊர்ப் படிவங்களில் அதிகம் சொதப்பலாக இருப்பதும் இதுதான்.

1986-இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் ஒரு சம்பவம் வந்தது. முன்பு உலோகத் தகட்டு வேலை செய்த ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர் கண்ணுக்குள் சில மில்லிமீட்டர் அளவில் ஓர் இரும்புத் துணுக்கு பல காலமாகக் கிடந்தது. யாருக்கும் தெரியாது. அந்த இயந்திரம் 0.35 டெஸ்லாதான், இன்றைய இயந்திரங்களில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. துணுக்கு அசைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. காலில் இருக்கும் பிளேட்டை எலும்பும் ஸ்குருவும் பிடித்திருக்கும். தசைக்குள் இருக்கும் துணுக்கைத் தழும்புத் திசு சுற்றி வளைத்துப் பிடித்துவிடும். கண்ணுக்குள் இருப்பது ஜெல்லி போன்ற பொருள், அங்கே பிடிமானம் இல்லை. அதனால்தான் மற்ற இடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு கண்ணில் பொறுக்காது.

இதற்கு உலகம் முழுவதும் ஒரு கேள்வி இருக்கிறது: “கண்ணில் உலோகத்தால் காயம் பட்டதுண்டா? அதற்காக மருத்துவரிடம் போனீர்களா?” அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் வழிகாட்டுதலும் சிகிச்சை தேடிய அளவுக்குக் கண்ணில் அடிபட்டவர்களுக்கு எக்ஸ்ரே பார்க்கச் சொல்கிறது. அங்கே அது பொருந்தும். கண்ணில் துகள் பட்டால் மருத்துவரிடம் போவதுதான் அங்கே வழக்கம், அவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று சொல்லியும் இருப்பார். நம் பட்டறைகளில் நடப்பது வேறு. கிரைண்டிங் பொறி கண்ணில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் இமையைத் திருப்பி, துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுவார். கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள். மருத்துவர் என்ற படியே அங்கே இல்லை. எனவே “டாக்டரிடம் போனீர்களா?” என்பதை அளவுகோலாக அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே பலர் தவறிவிடுவார்கள்.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். கோவைப் பக்கம் லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், இப்போது வயது 58. ஐந்து வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். முதுகுவலி, இடது காலுக்கு இறங்குகிறது, இடுப்பு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் படிவம் கேட்கிறது: “உடலில் உலோகம் உள்ளதா?” இல்லை. “தொழில்?” மளிகைக் கடை. “கண்ணில் அன்னியப் பொருள்?” இல்லை. எல்லாம் இல்லை என்று முடிந்து, உள்ளே போகச் சொல்லிவிடுவார்கள். ஒரு பொய்கூட இல்லை, ஆனாலும் படிவம் தோற்றுவிட்டது.

அதே ஆளிடம் வேறு விதமாகக் கேட்போம். “இப்போது செய்யும் வேலை எது? இதற்கு முன் வெல்டிங், லேத், கிரைண்டிங், இரும்புப் பட்டறை, கல் உடைக்கும் வேலை எப்போதாவது செய்ததுண்டா?” ஆமாம், முப்பது வருடம் லேத். “வேலையின்போது கண்ணில் பொறியோ இரும்புப் பொடியோ தூசியோ விழுந்ததுண்டா?” அது அடிக்கடி விழும்ங்க. “அதை யார் எடுத்தார்கள்? எல்லாம் வந்துவிட்டது என்று டாக்டர் யாராவது பார்த்துச் சொன்னாரா?” கூட வேலை செய்தவர் எடுத்தார், ஒருமுறை வலது கண் ஒரு வாரம் சிவந்திருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. இங்கே ஊழியர் நிறுத்த வேண்டும். ரேடியாலஜிஸ்டிடம் சொல்ல வேண்டும். கண் குழிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார், ஐந்து நிமிட வேலை. கண்ணை மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்தால், வெள்ளைப் புள்ளி ஏதாவது இருக்கும்பட்சத்தில் அது கண்ணோடு நகர்கிறதா என்றும் தெரிந்துவிடும். புள்ளி இல்லையென்றால் அன்றைக்கே ஸ்கேன் நடக்கும். சந்தேகமாக இருந்தால் சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டு படிவத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்று கவனியுங்கள். தொழிலை நிகழ்காலத்திலிருந்து கடந்த காலத்துக்குத் தள்ளினோம். ‘அன்னியப் பொருள்’ என்பதை ‘பொறி, பொடி, தூசி’ ஆக்கினோம். ‘காயம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம், ஏனென்றால் தினமும் நடப்பதை யாரும் காயம் என்று எண்ணுவதில்லை. “யார் எடுத்தார்கள்?” என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தோம்.

இலங்கைத் தமிழர்களுக்கு வேறொரு சொல் வேண்டும். போர் முடிந்தது 2009-இல். வடக்கிலும் கிழக்கிலும், அங்கிருந்து லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனவர்களிலும், உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தால் நரம்பு போய்விடும் என்று மருத்துவர் உள்ளேயே விட்டிருப்பார்; சிலருக்கு உள்ளே இருப்பதே தெரியாது. அவர்களிடம் “உலோகத் துண்டு” என்று கேட்பதைவிட “ஷெல் பட்டதா? உடம்பில் சன்னம் ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டால் உடனே விளங்கும். ஆனால் இந்தக் கேள்வியை மிக மெதுவாகக் கேட்க வேண்டும். உடம்பில் தழும்பு இருப்பதே சந்தேகத்துக்கு இடம் கொடுத்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். எங்கே பட்டது, எப்படிப் பட்டது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற விசாரணைத் தொனி வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். பாதுகாப்புக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: உடம்பில் எந்த இடத்தில். “இது ஸ்கேனுக்காக மட்டும் கேட்கிறோம். எந்த இடத்தில் என்று மட்டும் சொன்னால் போதும்” என்று முன்னால் ஒரு வரி இருந்தால் பதில் வரும். கண், முதுகுத்தண்டு, பெரிய ரத்தக்குழாய் இவற்றின் அருகே என்றால் எக்ஸ்ரே பார்க்காமல் நகரக் கூடாது.

உடம்புக்கு வெளியே இருப்பவற்றைக் கேட்பது சுலபம் என்று தோன்றும். “நகைகளைக் கழற்றிவிட்டீர்களா?” கழற்றிவிட்டேன். ஆனால் அரைஞாண் நகையா? இடுப்பில் வெள்ளியிலோ கறுப்புக் கயிற்றிலோ குழந்தைப் பருவத்திலிருந்து கிடப்பதை யாரும் நகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கயிற்றில் கோத்த தாயத்துக்குள் என்ன தகடு இருக்கிறது என்று கட்டியவருக்குக்கூடத் தெரியாது. மெட்டி காலில் இருப்பதால் மறந்துபோகும். தாலியைப் பலர் கழற்றத் தயங்குவார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சுத்தமான தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக்கொடியில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு மூன்று ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அந்த ஊக்கு இரும்பு. அதை இழுக்கும். அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் இது கைப்பழக்கம். எனவே “நகை” என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக, தலையிலிருந்து கால் வரை வரிசையாகக் கேட்பது நல்லது: ஹேர்பின், தோடு, மூக்குத்தி, காது மெஷின், பல்செட்டு, தாலிக்கொடியில் ஊக்கு, தாயத்து, அரைஞாண், மெட்டி. ஆஸ்பத்திரி உடைக்கு மாற்றிய பிறகு இதே வரிசையை மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். பாக்கெட்டும் சுருக்குப் பையும் அப்போது போயிருக்கும், தோலோடு இருப்பவை மட்டும் மிஞ்சியிருக்கும்.

தோலில் ஒட்டியிருக்கும் பேட்ச்சையும் கேட்க வேண்டும். வலிக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் ஒட்டிக்கொள்ளும் சில மருந்துப் பட்டைகளின் பின்புறம் மெல்லிய அலுமினியத் தாள் இருக்கும். அது சூடாகித் தோல் வெந்துபோகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2009-இல் எச்சரித்தது. சர்க்கரை பார்க்கக் கையில் ஒட்டும் சென்சார் இப்போது நம் ஊரிலும் பரவுகிறது. “ஒட்டியிருப்பது ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் இரண்டும் வந்துவிடும்.

கடைசியாக, நோயாளி அல்லாதவர். படிவம் நோயாளியிடம் மட்டும் கேட்கிறது. உள்ளே போகிறவர் அவர் மட்டும் இல்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் இறந்தவர் நோயாளி இல்லை. உறவினரின் ஸ்கேனுக்குத் துணையாக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போன 32 வயது இளைஞர். இயந்திரம் அணைத்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் கூறினார்கள். 2025 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேன் முடிந்த மனைவிக்குக் கை கொடுக்க உள்ளே போன 61 வயதுக்காரரின் கழுத்தில் உடற்பயிற்சிக்காக அணியும் கனமான இரும்புச் சங்கிலி இருந்தது. காந்தம் இழுத்தது, அவரும் இறந்தார். நம் ஊரில் நோயாளியோடு இரண்டு பேராவது வருவார்கள். குழந்தை என்றால் அம்மா உள்ளே உட்காருவார். அந்த அம்மாவுக்கும் அதே தாள், அதே கேள்விகள், அதே கையெழுத்து வேண்டும்.

அந்தத் தாளின் அடியில், கையெழுத்துக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: “ஸ்கேன் முடிந்தாலும் காந்தம் ஓடிக்கொண்டே இருக்கும். யார் கூப்பிட்டாலும், ஊழியர் உங்களைச் சோதித்து அழைக்காமல் உள்ளே வராதீர்கள்.” ‘யார் கூப்பிட்டாலும்’ என்ற சொல்லைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் அந்த மனிதரைக் கூப்பிட்டது, மேசையிலிருந்து எழக் கை கேட்ட அவருடைய மனைவிதான்.